மார்க்கெட்பிளேஸில் கடையா, சொந்த வெப்சைட்டா? பெட்ஷீட் விற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஈரோடு, சென்னிமலை, கரூர் பக்கம் ஜவுளி விற்பவர்களுக்கு ஆன்லைன் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் வேலை. வாரத்துக்கு நாலைந்து பேராவது இந்தக் கேள்விகளில் ஒன்றைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாக் கணக்குக்கும் ஒரே பொருளைத்தான் எடுத்திருக்கிறேன்: இரண்டு தலையணை உறையோடு வரும் டபுள் பெட்ஷீட், விற்பனை விலை 899 ரூபாய், டெலிவரி இலவசம்.

அமேசான் மாதிரி மார்க்கெட்பிளேஸில் விற்றால் கமிஷனுக்கே காசு போய்விடுகிறது. சொந்த வெப்சைட் போட்டால் அந்தக் காசு மிச்சம்தானே?

மிச்சமாகாது, கைமாறும். கமிஷன் என்பது வாங்குபவரைக் கூட்டிக்கொண்டு வந்ததற்கான கூலி. வெப்சைட் போட்டால் அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும், அதாவது இன்ஸ்டாகிராமுக்கோ கூகுளுக்கோ விளம்பரக் காசு கட்ட வேண்டும். மார்க்கெட்பிளேஸில் பெட்ஷீட் தேடி வருபவர் கையில் காசோடு வருகிறார். இன்ஸ்டாகிராமில் உங்கள் விளம்பரத்தைப் பார்ப்பவர் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவர். அவரை நிறுத்தி, நம்பவைத்து, பணம் கட்ட வைக்கும் செலவு எந்தக் கட்டண அட்டவணையிலும் இருக்காது. அதனால்தான் பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மீஷோ மாதிரி கமிஷனே வாங்காத தளங்களும் இருக்கின்றன. அங்கேயும் டெலிவரிக் கட்டணம், ரிட்டர்ன், விளம்பரம் எல்லாம் உண்டு. 'கமிஷன் எவ்வளவு?' என்று கேட்பதை விட 'நூறு ஆர்டர் அனுப்பினால் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும்?' என்று கேளுங்கள்.

அப்படியானால் அந்த நூறு ஆர்டர் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுங்களேன்.

சரி. கீழே வரும் எண்கள் மாதிரிக் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் அடக்க விலையும் உங்கள் தளத்தின் கட்டணமும் வேறாக இருக்கும், அவற்றை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

899 ரூபாயில் 5% ஜிஎஸ்டி உள்ளடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் 856 ரூபாய் உங்களுடையது. துணி, தையல், பேக்கிங் சேர்த்து அடக்க விலை 480 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மார்க்கெட்பிளேஸ். கமிஷன் 90, நிலையான கட்டணம் 25, டெலிவரி 75, ஆக மொத்தம் 190. இதன் மேல் அவர்கள் போடும் 18% ஜிஎஸ்டி, நீங்கள் ரெகுலர் பதிவில் இருந்தால் உள்ளீட்டு வரியாகத் திரும்பிவிடும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். தளத்துக்குள்ளேயே செய்யும் விளம்பரத்துக்கு ஆர்டருக்கு 50. நூறு அனுப்பியதில் 12 திரும்பி வருகிறது, அதில் 3 இனி புதிதாக விற்க முடியாத நிலையில் வருகிறது.

நின்றது 88. வரவு 75,328. அதில் அடக்கம் 42,240, தளக் கட்டணம் 16,720, விளம்பரம் 5,000. திரும்பிய 12-க்கும் போகவர டெலிவரி 150 வீதம் 1,800. கெட்டுப்போன மூன்றுக்கு 1,440. எல்லாம் போக மிச்சம் 8,128 ரூபாய்.

இப்போது சொந்த வெப்சைட். நூறில் 60 பேர் கேஷ் ஆன் டெலிவரி, 40 பேர் முன்பணமாக முழுத் தொகையும் கட்டுகிறார்கள். கேஷ் ஆன் டெலிவரியில் 15 பார்சல் வாங்கப்படாமலே திரும்புகிறது, முன்பணத்தில் ஒன்று. நின்றது 84. வரவு 71,904, அடக்கம் 40,320. கூரியருக்குப் போகும்போது 80 வீதம் 8,000, திரும்பி வந்த 16-க்கு இன்னொரு 1,280. வசூல் செய்து கொடுக்க கூரியர்காரர் எடுப்பது, 45 பார்சலுக்கு 35 வீதம் 1,575. பேமென்ட் கேட்வே 2% என்றால் 40 ஆர்டருக்கு 720. கெட்டுப்போனது இரண்டு, 960. வெப்சைட் மாதச் செலவு 2,000. இதுவரை மிச்சம் 17,049.

பார்த்தீர்களா, இரண்டு மடங்கு மாதிரி தெரிகிறது. பலர் இந்த இடத்திலேயே கணக்கை மூடிவிட்டு வெப்சைட்காரருக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். இன்னும் விளம்பரச் செலவு வரவில்லை. ஒரு ஆர்டர் கொண்டுவர 200 ரூபாய் என்றால் நூறுக்கு 20,000. ஆக, 2,951 ரூபாய் நஷ்டம்.

வெப்சைட்டே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. அந்த 20,000 எல்லோருக்கும் 20,000 ஆக இருக்காது என்பதுதான் விஷயம். உங்கள் நூறு ஆர்டரில் எத்தனை விளம்பரம் இல்லாமல் வருகிறது? ஏற்கெனவே வாங்கியவர் மறுபடி வாங்குவது, அவர் சொல்லி அவருடைய நாத்தனார் வாங்குவது, கடைக்கு வந்தவர் ஊருக்குப் போய் ஆர்டர் போடுவது, இவையெல்லாம் இலவசம். மேலே உள்ள கணக்கில் நூறில் 55 ஆர்டர் இப்படி வந்தால் வெப்சைட்டும் மார்க்கெட்பிளேஸும் ஏறக்குறைய சமம். 55-ஐத் தாண்டினால் வெப்சைட் முந்துகிறது. 15-க்குக் கீழே இருந்தால் கைக்காசுதான் போகும்.

உண்மையில் வெப்சைட்டின் நிலை இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கும். தெரிந்து வருபவர்கள் பெரும்பாலும் யுபிஐ-யில் பணம் கட்டிவிடுவார்கள், அவர்களுடைய பார்சல் அபூர்வமாகத்தான் திரும்பும். நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பொருளையும் பாருங்கள். குளியல் துண்டு, நைட்டி, சமையலறைத் துணி மாதிரி பொருள் என்றால் வாங்கியவர் சில மாதத்தில் திரும்ப வர வாய்ப்பு அதிகம். டபுள் பெட்ஷீட் வாங்கியவர் அடுத்த தீபாவளிக்கு வந்தாலே பெரிய விஷயம். பெட்ஷீட் மட்டும் விற்கும் வெப்சைட் ஒவ்வொரு ஆர்டருக்கும் புதுமுகத்தைத் தேட வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்து தேறியவர்கள் எல்லாம் பெட்ஷீட்டோடு துண்டையும் விற்றவர்கள்தான்.

எத்தனை பேர் விளம்பரம் இல்லாமல் வருவார்கள் என்று வெப்சைட் போடாமலே எப்படித் தெரிந்துகொள்வது?

வாட்ஸாப் பிசினஸில் ஒரு கேட்டலாக் போடுங்கள். பத்துப் பன்னிரண்டு பொருள், நல்ல வெளிச்சத்தில் எடுத்த போட்டோ, விலை, அளவு. பணத்துக்கு யுபிஐ கியூஆர். மூன்று மாதம் இதை மட்டும் ஓட்டுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு ஆர்டருக்கும் எதிரே 'எப்படித் தெரியும்?' என்று கேட்டு எழுதுங்கள். பழைய ஆள், யார் சொல்லி வந்தார், ஸ்டேட்டஸ் பார்த்து வந்தார், இந்த அளவுக்குப் போதும்.

மாதம் முப்பது ஆர்டர் இப்படி வந்து, அளவு என்ன, சாயம் போகுமா, எப்போது வரும் என்று பதில் சொல்லியே உங்களுக்கு நேரம் போகிறது என்றால் வெப்சைட்டுக்கு வேளை வந்துவிட்டது. அந்த மூன்று கேள்விக்கும் வெப்சைட் பதில் சொல்லும், நீங்கள் பேக்கிங்கைப் பார்க்கலாம். மாதம் ஐந்து ஆர்டர் என்றால், போன் இருக்கும்போதே வராதவர்கள் வெப்சைட் போட்டதும் வந்துவிட மாட்டார்கள்.

மார்க்கெட்பிளேஸில் வாங்குபவரை மெல்ல நம்ம வெப்சைட்டுக்கு இழுத்துவிடலாமே? பார்சலில் ஒரு சீட்டு வைத்தால் போதாதா?

இதை யோசிக்காதவரே இல்லை. தளங்களுக்கும் இது தெரியும், பெரிய தளங்களின் விதிகளில் இதற்குத் தடை உண்டு. வாங்குபவரை வேறு இடத்துக்குத் திருப்பும் சீட்டோ போன் நம்பரோ வெப்சைட் முகவரியோ பார்சலில் போடக் கூடாது. யாராவது புகார் செய்தால் கணக்கு நிற்கும், கணக்கு நின்றால் விற்ற காசாக உங்களுக்கு வர வேண்டிய செட்டில்மென்ட்டும் கூடவே நிற்கக்கூடும். வாங்கியவரின் நேரடிப் போன் நம்பரும் பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்காது.

ஆனால் உங்கள் பிராண்டின் பெயரைத் துணியில் தைப்பதை யாரும் தடுக்கவில்லை. ஓரத்தில் நெய்த லேபிளில் பெயர் தெளிவாக இருந்தால், துவைத்துத் துவைத்துப் பிடித்துப்போனவர் அந்தப் பெயரை கூகுளில் தேடுவார். இப்படி வருபவர் ஒருவர் இருவர்தான் என்றாலும் அவர்தான் நிலைத்து நிற்பவர். அதற்காகவாவது, பொதுவான 'காட்டன் கிங்' வகையறாப் பெயர் வைக்காதீர்கள், தேடினால் நாற்பது பேர் வருவார்கள்.

ஜிஎஸ்டி எடுக்காமல் எதில் ஆரம்பிக்க முடியும்?

2023 அக்டோபர் 1 முதல் ஒரு சலுகை இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர், ஜிஎஸ்டி பதிவு இல்லாமல், போர்ட்டலில் ஒரு என்ரோல்மென்ட் எண் மட்டும் வாங்கிக்கொண்டு மார்க்கெட்பிளேஸில் பொருள் விற்கலாம். தமிழ்நாட்டில் பொருளுக்கான வரம்பு 40 லட்சம். ஆனால் மாநிலத்துக்குள்ளேதான் விற்க முடியும். பெங்களூரு ஆர்டரை ஓசூரில் இருந்துகொண்டும் அனுப்ப முடியாது.

சொந்த வெப்சைட்டிலும் கதை இதேதான். தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றால் அந்த வரம்பு வரை பதிவு தேவையில்லை. வரி உள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் பொதுவாக முதல் ஆர்டருக்கே பதிவு வேண்டும். குறிப்பிட்ட சில கைவினைப் பொருள்களுக்குத் தனிச் சலுகை உண்டு. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம். பதிவு இல்லையென்றால் மேலே நான் விட்டுவிட்டுப் போன அந்த 18% திரும்பி வராது. 190 ரூபாய்க் கட்டணத்தில் 34 ரூபாய் உங்கள் தலையில் விழும். நூல், துணி வாங்கும்போது கட்டிய வரியும் அப்படித்தான்.

செட்டில்மென்ட்டில் டிசிஎஸ், டிடிஎஸ் என்று பிடித்திருக்கிறார்கள். இது கமிஷன் போக இன்னொரு செலவா?

செலவு இல்லை, தளம் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. உங்கள் காசுதான், சுற்றி வருகிறது. ஜிஎஸ்டி டிசிஎஸ் இப்போது 0.5%. 2024 ஜூலைக்கு முன் 1% ஆக இருந்தது. நம்முடைய பெட்ஷீட்டுக்கு ஏறக்குறைய 4 ரூபாய். இது தானாக உங்கள் கணக்கில் சேராது. ஜிஎஸ்டி போர்ட்டலில் `TDS and TCS Credit Received` என்ற பகுதிக்குள் போய் ஒப்புக்கொண்டால்தான் கேஷ் லெட்ஜருக்கு வரும். ஒரு வருஷமாக அதைத் திறக்காமலே இருந்த ஒருவருக்கு நான் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் மறந்துபோன சீட்டுப் பணம் கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டார்.

வருமான வரி டிடிஎஸ் 2024 அக்டோபர் முதல் 0.1%, ஒரு பெட்ஷீட்டுக்கு ஒரு ரூபாய் கூட இல்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். சொந்த வெப்சைட்டில் நீங்களே விற்பதால் இந்த இரண்டும் கிடையாது.

கூரியர்காரர் ஒரு கிலோ பார்சலுக்கு இரண்டு கிலோ பில் போடுகிறார். ஏமாற்றுகிறாரா?

பெரும்பாலும் இல்லை. பார்சலின் எடை, அது அடைக்கும் இடத்தின் 'எடை' இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். இடத்தின் எடைக்குப் பொதுவாக உள்ள சூத்திரம்:

```
நீளம் × அகலம் × உயரம் (செ.மீ.) ÷ 5000 = கிலோ
```

நம்முடைய செட் பேக்கிங்கோடு 950 கிராம். தளர்வாக மடித்து, பபிள் ராப் சுற்றி அனுப்பினால் 35 × 28 × 8. கணக்கு 1.57 கிலோ வரும். அரைக் கிலோ படிகளாக ஏறும் கட்டணத்தில் ஒன்றரையைத் தாண்டியதும் இரண்டு கிலோ பில். அதையே கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, 5 செ.மீ. உயரத்துக்குக் கொண்டுவந்தால் 0.98 கிலோ. ஒரு கிலோ படியிலேயே நின்றுவிடும். துணிக்கு பபிள் ராப் எதற்கு? உடையப் போவதில்லை. ஈரம் புகாமல் ஒரு பாலித்தீன் உறை, அதன் மேல் கூரியர் கவர், போதும்.

இது மார்க்கெட்பிளேஸிலும் நடக்கும். அங்கே லிஸ்டிங்கில் நீங்கள் கொடுத்த அளவும் அவர்கள் அளந்த அளவும் வேறானால் வித்தியாசத்தைச் செட்டில்மென்ட்டில் பிடிப்பார்கள். டேப்பை வைத்து மூன்று பக்கமும், தராசில் வைத்து ஒன்றும் என நான்கு போட்டோ எடுத்து வைத்தால் சண்டை போடத் தைரியம் இருக்கும்.

ரிட்டர்னில் நம்ம பெட்ஷீட்டுக்குப் பதில் பழைய கைலி வந்தது. எங்கே முறையிடுவது?

மார்க்கெட்பிளேஸ் என்றால் விற்பனையாளர் இழப்பீட்டுக்கென்று வழி இருக்கிறது. அமேசானில் அதற்குப் பெயர் `SAFE-T`. கேட்பதற்குக் கெடு உண்டு, அதைத் தாண்டினால் அவ்வளவுதான். கிடைக்க வேண்டுமென்றால் பார்சலைப் பிரிக்கும் வீடியோ ஒரே ஷாட்டில் இருக்க வேண்டும்: முதலில் லேபிளும் அதன் எண்ணும், அப்புறம் ஒட்டு பிரியாத நான்கு பக்கம், அப்புறம் பிரிப்பது. பாதியில் நிறுத்தி மறுபடி எடுத்த வீடியோவை ஏற்பதில்லை.

சொந்த வெப்சைட்டில் முறையிடும் இடமும் நீங்கள்தான், இழப்பும் உங்களுடையதுதான். அதற்கு ஈடாக, ஒரே போன் நம்பரில் இருந்து மூன்றாவது முறை சேட்டை செய்பவருக்கு கேஷ் ஆன் டெலிவரியை அடைத்துவிடலாம். மார்க்கெட்பிளேஸில் அந்த உரிமை கிடையாது.

கேஷ் ஆன் டெலிவரியை மொத்தமாக எடுத்துவிடாதீர்கள், ஆர்டரும் சேர்ந்து போய்விடும். 'முன்பணம் கட்டினால் 40 ரூபாய் குறைவு' என்று வையுங்கள். ஆர்டர் வந்த அன்றே 'உறுதிதானே?' என்று ஒரு வாட்ஸாப் செய்தி. பதில் வராத பார்சலை அனுப்பாமல் நிறுத்தினாலே போகவர 160 ரூபாய் மிச்சம்.

இரண்டிலும் ஒரே சமயத்தில் விற்கலாமா?

விற்கலாம், ஆனால் ஒரே சரக்கை இரண்டிலும் காட்டாதீர்கள். நானே விற்று அனுபவித்தது இது. ஒரு தீபாவளி சமயம், மெரூன் கலரில் மூன்று செட் மிச்சம். இரண்டு இடத்திலும் 'மூன்று உள்ளது' என்று இருந்தது. ராத்திரி ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் இரண்டிலுமாக ஐந்து ஆர்டர். வெப்சைட்டில் வாங்கிய இரண்டு பேருக்குப் போன் போட்டு, 'நீல நிறம் அனுப்பட்டுமா அக்கா?' என்றதும் ஒத்துக்கொண்டார்கள். இதுவே மார்க்கெட்பிளேஸ் ஆர்டராக இருந்திருந்தால் ரத்து செய்ய வேண்டியதுதான். விற்பனையாளர் பக்கத்து ரத்து கணக்கின் மதிப்பெண்ணில் விழும், நிறைய விழுந்தால் லிஸ்டிங் பின்னுக்குப் போகும்.

அதற்குப் பிறகு சரக்கைப் பிரித்துவிட்டேன். மார்க்கெட்பிளேஸில் எப்போதும் கிடைக்கும் ஆறு டிசைன், ஒற்றைச் செட். வெப்சைட்டில் பெட்ஷீட்டும் துண்டும் சேர்ந்த காம்போ, கேட்டால் நெய்து தரும் அளவுகள், கொஞ்சமாக மட்டுமே நெய்த கலர்கள். இரண்டும் வேறு பொருள் என்பதால் 'அங்கே மலிவாக இருக்கிறதே' என்று யாரும் கேட்பதில்லை. ஒரே பொருளை வெளியே மலிவாக விற்றால் லிஸ்டிங்கைப் பின்னுக்குத் தள்ளும் தளங்களும் உண்டு, அந்தத் தொல்லையும் இல்லை.

வெப்சைட் போட முடிவாகிவிட்டது. சட்டப்படி என்ன போட வேண்டும்?

சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர்ப்பு அலுவலர் பெயர். 2020-ன் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சின்னக் கடை என்றால் அந்த அலுவலர் நீங்கள்தான், வெட்கப்படாமல் உங்கள் பெயரையே போடுங்கள். பொருள் பக்கத்தில் எம்ஆர்பி, அளவு, தயாரிப்பாளர் விவரம், எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும் இருக்க வேண்டும். பணம் திரும்பத் தரும் விதி, டெலிவரி விதி, தனியுரிமை ஆகிய பக்கங்கள் இல்லாமல் பேமென்ட் கேட்வே கணக்கைத் திறந்தே கொடுக்க மாட்டார்கள்.

மார்க்கெட்பிளேஸில்தான் ஆரம்பிக்கிறேன். டொமைன் பெயரை மட்டும் இப்போதே வாங்கி வைக்கட்டுமா?

வாங்கி வையுங்கள், வருஷத்துக்குப் பெரிய தொகை இல்லை. டிரேட்மார்க்குக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். பெட்ஷீட், துண்டு எல்லாம் 24-ஆம் வகுப்பு. தனிநபரும் சிறு நிறுவனமும் ஆன்லைனில் கட்ட வேண்டிய அரசுக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மார்க்கெட்பிளேஸிலேயே அதற்கு வேலை இருக்கிறது: உங்கள் லிஸ்டிங்கின் மேல் வேறொருவர் ஏறி உட்கார்ந்து, உங்கள் போட்டோவைக் காட்டி மட்டமான சரக்கை விற்றால், பிராண்டு பதிவு இருப்பவரின் புகாருக்குத்தான் மரியாதை.

டொமைனை உங்கள் ஈமெயிலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். வெப்சைட் செய்து கொடுப்பவர் 'நானே வாங்கித் தருகிறேன் அண்ணா' என்பார், நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். அப்புறம் அவர் துபாய்க்கு வேலைக்குப் போய்விடுவார், புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் அவருக்குத்தான் போகும்.